உறையில் வைத்து அனுப்பிய சண்டைகள்

1950களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் அலிகார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மெக்கிம் மேரியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் அடையாளத்தை மறைக்க அதற்குக் ‘கிஷன் கடி’ என்று பெயர் வைத்தார். 1955இல் வெளியான அவருடைய கட்டுரையில், சிராவணப் பௌர்ணமி அன்று அந்த ஊரில் நடந்தவற்றை விவரிக்கும் சில பத்திகள் உண்டு. நம் பக்கத்தில் ஆவணி அவிட்டம் வரும் அதே நாள்தான் அது. அங்கே அந்த நாளுக்குச் ‘சலூனோ’ என்று பெயர். மணமாகி வேறு ஊர்களுக்குப் போன பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்திருப்பார்கள். திரும்பிப் போவதற்கு முன், மணமாகாத தங்கைகளோடு சேர்ந்து, இளம் பார்லி முளைகளைச் சகோதரர்களின் தலையிலும் காதிலும் செருகுவார்கள். சகோதரர்கள் பதிலுக்குச் சில்லறைக் காசு கொடுப்பார்கள். அதே நாளில் ஊர்ப் புரோகிதர்கள் வீடு வீடாகப் போய்த் தங்கள் யஜமானர்களின் மணிக்கட்டில் வண்ண நூல் காப்பு கட்டித் தட்சிணை பெற்றார்கள். காப்பு கட்டியவர் புரோகிதர். முளை செருகியவள் சகோதரி. ஒரே நாளில் நடந்தாலும் இரண்டும் வேறு வேறு சடங்குகள்.

ஆனால் மேரியட் அங்கிருந்த காலத்திலேயே அவை ஒன்றில் ஒன்று கலக்கத் தொடங்கியிருந்தன. ஆலையில் செய்த அழகான காப்புகள் கிராமத்தில் கூவி விற்கப்பட்டன. ஒரு சில சகோதரிகள் பார்லி முளையை விட்டுவிட்டு, புரோகிதர் கட்டும் அந்த வகை நூலைச் சகோதரர்களின் கையில் கட்டினார்கள். அதற்கு மேரியட் ஒரு காரணத்தைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறார்: நகரத்தில் இருக்கும் அண்ணன் தம்பிக்குக் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப நூல் வசதியாக இருந்தது.

இந்த ஒரு வரிதான் என் கட்டுரையின் தொடக்கம். பார்லி முளையைத் தபாலில் அனுப்ப முடியாது. அதைச் செருக இருவரும் ஒரே முற்றத்தில் நிற்க வேண்டும். நூல் வந்த பிறகு ஆள் வர வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. ஆனால் ஆள் வராத இடத்தில் வெறும் நூலை மட்டும் அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. அதோடு நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது. இன்று ரக்ஷா பந்தனுக்கு அந்த நாலு வரி கைப்பேசியில் போகிறது. நூல் இன்னும் தபாலிலோ கூரியரிலோ போகிறது. இதற்கென்றே மழையில் நனையாத உறைகளை இந்திய அஞ்சல் துறை ஒவ்வோர் ஆண்டும் விற்கிறது. அந்த நாலு வரியில் திரும்பத் திரும்ப வருகிற பொருள் ஒன்று உண்டு: சின்ன வயசில் போட்ட சண்டைகள். பாசத்தைச் சொல்ல வேண்டிய நாளில் பூசலை ஏன் சொல்கிறார்கள்? நான் புரிந்துகொண்டது இதுதான்: சண்டை போட்ட காலம் ஒன்றில்தான் அவளும் அவனும் ஒரே பொருளின் மேல் ஒரே உரிமையோடு கை வைத்தார்கள். அதை அவள் மறக்கவில்லை. அவனும் மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறாள்.

இதைப் பொதுவாகப் பேசாமல் ஒரு செய்தியை வைத்துப் பார்க்கலாம். கீழே உள்ளது எந்தத் தனிமனிதருடையதும் அல்ல. இப்படிப்பட்ட செய்திகளின் போக்கை வைத்து நானே எழுதிக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்து, இன்னொரு மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்ட பெண். நகரத்தில் வேலை பார்க்கும் அண்ணன். இருவருக்கும் இரண்டு வயது வித்தியாசம்.

“அண்ணா, ராக்கி இந்நேரம் வந்திருக்கும். அண்ணியைக் கட்டச் சொல்லாதே, குட்டியைக் கட்டச் சொல். பாட்டி எடுத்து வைத்த பாலேட்டைத் தின்றது நான்தான், அடி வாங்கினது நீ. இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன். என் கணக்கு நோட்டில் எல்லாப் பக்கத்திலும் மீசை வரைந்தாயே, அதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். அப்பா சைக்கிளுக்கு முறை வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? உன் முறை மட்டும் எப்போதும் நீளமாகவே இருந்தது. ஒரு நாள் நான் வாய்க்காலில் விழுந்தபோது யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை நீயே கழுவி வைத்தாய். கொல்லைப்புறக் கொய்யா மரம் இருக்கிறதா? அண்ணியிடம் கேட்டால் இருக்கிறது என்கிறாள், காய்த்ததா என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். மருந்தைத் தவறாமல் சாப்பிடு.”

முதலில் பாலேடு. தின்றவள் தப்பித்தாள், தின்னாதவன் அடி வாங்கினான். அந்த வயதில் கேட்டிருந்தால் இதை இப்படிச் சொல்லியிருப்பாளா? மாட்டாள். குழந்தைகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கனடா நாட்டு உளவியலாளர் ஹில்டி ராஸும் அவருடைய குழுவினரும், உடன்பிறந்தவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து அவர்களுக்குள் நடந்த சண்டையைச் சொல்லச் சொன்னார்கள். இருவருமே மற்றவர் செய்த தவறைக் கூடுதலாகச் சொன்னார்கள். தான் செய்ததற்குக் காரணம் சொன்னார்கள். பெரியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பண்டிகைச் செய்தியில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எழுதுகிறவள் தன் குற்றத்தை முதலில் வைக்கிறாள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவன் வாங்கிய அடிக்குச் சாட்சி அவள் ஒருத்திதான். பாட்டி இல்லை, அம்மாவுக்கு நினைவிருக்காது. ஒத்துக்கொள்வதன் வழியாக, ‘உனக்கு நடந்த அநியாயம் எனக்குத் தெரியும்’ என்று அவள் சொல்கிறாள். வெறும் வாழ்த்தால் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் வாழ்த்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

பாலேட்டில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பாட்டி அதை யாருக்காக எடுத்து வைத்தாள்? வட இந்தியச் சிற்றூர்களில் பாலும் நெய்யும் ஏடும் ஆண்பிள்ளைகளுக்கு முதலில் போவது பல வீடுகளின் வழக்கம். திருடித்தான் தின்ன முடியும் என்ற நிலையில்தான் ஒரு பெண் திருடித் தின்கிறாள். அவள் சொல்வது குறும்பாகத் தெரிகிறது. குறும்பாகச் சொல்லவே அவள் விரும்புகிறாள். ஆனால் பங்கீட்டைப் பற்றிய தகவலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது சைக்கிள். எனக்கு இந்தச் செய்தியின் உயிர்நாடி இதுதான். பெரியவர்கள் ஓட்டும் உயரமான சைக்கிளில் சட்டத்துக்கு நடுவே காலை விட்டு ஓட்டுவதை அங்கே ‘கைஞ்சி’ என்பார்கள். நாம் குரங்கு பெடல் என்போம். இரண்டு பிள்ளைகள், ஒரு சைக்கிள், அப்பா வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரம். முறை வைத்துக்கொள்ளாமல் முடியாது. முறை வைத்தால் சண்டை வராமல் இருக்காது. ராஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதும் நான்கு வயதுமான உடன்பிறந்தவர்கள் பொருட்களுக்காகப் போடும் சண்டைகளைப் பற்றியது. அந்தச் சின்ன வயதிலேயே குழந்தைகள் கையில் வைத்திருப்பதையும் சொந்தமாக இருப்பதையும் பிரித்துப் பார்க்கிறார்கள். ‘இது என்னுடையது’ என்பதும் ‘நான்தான் இப்போது வைத்திருக்கிறேன்’ என்பதும் வேறு வேறு வாதங்கள் என்று அவர்களுக்குத் தெரிகிறது. இரண்டும் மோதும்போது பெரும்பாலும் சொந்தக்காரப் பிள்ளைதான் வெல்கிறது. சட்டப் புத்தகம் திறப்பதற்கு வெகு முன்பே, கூடத்துத் தரையில் சொத்துரிமை பழக்கமாகிவிடுகிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜூடி டன் செய்த ஆய்வுகள் இதை வேறு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. 1980களில் அவரும் அவருடைய உடனாய்வாளர்களும் வீடுகளுக்குப் போய், தாயும் குழந்தைகளும் இயல்பாக இருக்கும்போது நடப்பதைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாம் வயதில் இருக்கும் குழந்தை அண்ணனையோ அக்காவையோ எப்படிச் சீண்டுவது என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறது. எந்தப் பொம்மையை எடுத்தால் அவனுக்கு அழுகை வரும், எதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இன்னொருவருடைய மனம் தன் மனத்திலிருந்து வேறானது என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கும் முதல் இடங்களில் உடன்பிறந்தவரோடு போடும் சண்டையும் ஒன்று. கணக்கு நோட்டில் மீசை வரைந்தவன், தங்கைக்கு எது பொக்கிஷம் என்று அறிந்தே வரைந்தான். அவள் அதை மன்னிக்க மாட்டேன் என்கிறபோது, ‘என்னை அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்’ என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

சைக்கிளுக்குத் திரும்புகிறேன். ‘உன் முறை எப்போதும் நீளமாகவே இருந்தது’ என்ற வரியில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது உண்மையான புகார். அங்கே சண்டை நடந்ததற்கே காரணம், இருவருக்கும் முறை உண்டு என்பதை இருவருமே ஏற்றுக்கொண்டிருந்ததுதான். ‘உனக்கு முறையே கிடையாது’ என்று அவன் சொல்லவில்லை. அளவில்தான் ஏமாற்றினான். முறையே இல்லாத இடத்தில் சண்டை வராது, அங்கே ஒருவர் வாயை மூடிக்கொண்டு விலகிப் போய்விடுவார். சண்டை போட்டாள் என்றாலே, தனக்கும் பாதி என்று அவள் நம்பினாள் என்றுதான் பொருள். பிறகு ஒரு வயதில் சைக்கிள் முழுக்க அவனுடையதாகிவிட்டது. அவள் வெளியே போகும் எல்லை சுருங்கியது. அப்புறம் திருமணம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் விருந்தாளி. கொய்யா மரம் காய்த்ததா என்று அண்ணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த விருந்தாளி நிலையின் வேர், வட இந்தியாவின் திருமண முறையில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான சாதிகளில் ஒரே ஊருக்குள்ளும் நெருங்கிய உறவுக்குள்ளும் பெண் கொடுப்பதில்லை. கணவன் வீடு அவளுக்கு முன்பின் தெரியாத வீடு. பிறந்த வீட்டுக்கும் அவளுக்கும் இடையில் பெற்றோருக்குப் பின் மிஞ்சும் ஒரே வழி சகோதரன். தமிழ்நாட்டில் அத்தை மகன், மாமன் மகன் என்று உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அண்ணன் தம்பி இங்கே தாய்மாமனாகி, காதுகுத்தில் தொடங்கிக் கல்யாணம் வரை சீர்வரிசையோடு வந்து நிற்கிறான். அவனை நினைவூட்ட ஆண்டுக்கு ஒரு நூல் தேவைப்படவில்லை. கனுப் பொங்கலன்று பெண்கள் கனுப்பிடி வைத்து உடன்பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது உண்டு என்றாலும், ரக்ஷா பந்தன் அங்கே சுமக்கும் பாரத்தைக் கனு இங்கே சுமப்பதில்லை. அந்தப் பாரத்தின் அளவு அங்குள்ள பெண்களின் பாட்டுகளில் தெரியும். சகாரன்பூர் மாவட்டத்துப் பகான்சூ கிராமத்திலும் ராஜஸ்தானின் கட்டியாலியிலும் அந்தப் பாட்டுகளைச் சேகரித்த குளோரியா ராகேஜாவும் ஆன் கோல்டும் 1994இல் வெளியிட்ட நூலில், சகோதரனிடம் ஏங்குவதும் குறைபட்டுக்கொள்வதும் அண்ணியின் மேல் மனத்தாங்கல் கொள்வதும் பின்னிப் பின்னி வருகின்றன. பாசத்துக்கு ஒரு பாட்டு, புகாருக்கு ஒரு பாட்டு என்று பிரிந்திருப்பதில்லை.

சகோதரனோடு போடும் சண்டையை ஒரு பண்டிகைக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றிய வட்டாரம் ஒன்று உண்டு. நம் செய்தியை எழுதிய பெண்ணும் அந்த வட்டாரத்தில் பிறந்தவள்தான். உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் அதையொட்டிய பீகாரிலும், போஜ்புரி பேசும் ஊர்களில், தீபாவளி முடிந்து வரும் வளர்பிறை இரண்டாம் நாளில் ‘கோதன்’ நடக்கும். மற்ற இடங்களில் இதே நாள் பாய் தூஜ் அல்லது யம துவிதியை. யமன் தன் தங்கை யமுனையின் வீட்டுக்குச் சாப்பிடப் போன நாள் என்பது பொதுவான கதை. மதுராவின் விஸ்ராம் படித்துறையில் அன்று உடன்பிறந்தவர்கள் ஜோடி ஜோடியாக யமுனையில் இறங்கிக் குளிப்பார்கள்.

போஜ்புரி ஊர்களில் நடப்பது வேறு. தெருப் பெண்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். தரையில் பசுஞ்சாணத்தால் கட்டம் கட்டி, அதற்குள் யமன், யமி உருவங்களையும் பாம்பு, தேள் போன்றவற்றையும் சாணத்திலேயே வைப்பார்கள். பிறகு தங்கள் அண்ணன் தம்பிகளின் பெயரைச் சொல்லிச் சபிப்பார்கள். செத்துப்போக வேண்டும் என்றே சபிப்பார்கள். சபித்து முடித்ததும் ‘ரேங்கனி’ முள்ளை எடுத்துத் தங்கள் நாக்கில் குத்திக்கொள்வார்கள். அந்தச் செடி நமக்கும் தெரிந்ததுதான், நம் ஊர்த் தரிசுகளில் படரும் கண்டங்கத்திரி. நாக்கு சொன்ன கெட்ட வார்த்தைக்கு நாக்கே தண்டனை வாங்குகிறது. அதன் பிறகு உலக்கையை எடுத்துச் சாண உருவங்களைக் குத்தி நசுக்குவார்கள். கடைசியில் சகோதரனுக்குத் திலகமிட்டு, வழிபாட்டில் வைத்த உலர்ந்த கடலையைக் கொடுப்பார்கள். அவன் அதை மெல்லாமல் விழுங்குவது பல வீடுகளின் வழக்கம். உடம்பு வஜ்ரம் போல உறுதிப்படும் என்பது நம்பிக்கை.

சாபத்துக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று இப்படிப் போகிறது. தங்கையிடம் ஒருமுறைகூடத் திட்டு வாங்காத ஒருவனின் உயிரை எடுக்க யமன் வருகிறான். அப்படிப்பட்ட ஒருவன் இருக்கிறான். அவனுடைய தங்கைக்கு அவன் மேல் உயிர், ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. விஷயம் தெரிந்ததும் அவள் விடியற்காலையிலிருந்து அவனைத் திட்டத் தொடங்குகிறாள். வீட்டார் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். யமனால் அவனைத் தொட முடியவில்லை.

இந்தக் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கையிடம் திட்டே வாங்காதவன் ஆபத்தில் இருக்கிறான் என்று அது சொல்கிறது. சண்டை இல்லாத இடத்தைச் சாவு தேடி வருகிறது. திட்டு ஒரு காப்பு. பொங்கி வந்த கோபத்தை வருஷத்துக்கு ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லவும், சொன்னதற்கு வலியை ஏற்றுக்கொள்ளவும், பிறகு ஆசி சொல்லவும் அந்தச் சடங்கில் இடம் இருக்கிறது. ரக்ஷா பந்தனின் நூலில் இப்படி ஒரு முள் இல்லை. அங்கே சகோதரி கட்டுகிறாள், சகோதரன் காப்பதாக வாக்குக் கொடுக்கிறான், இனிப்பு ஊட்டிக்கொள்கிறார்கள். கோபத்துக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. அந்த இடத்தைத்தான் கடிதமும் கைப்பேசிச் செய்தியும் எடுத்துக்கொண்டன என்பது என் எண்ணம். ‘மீசை வரைந்ததை மன்னிக்கவே மாட்டேன்’ என்பதைச் சாபத்தின் மெலிந்த வடிவமாகவே பார்க்கிறேன். அதற்கு முன் வரும் பாலேட்டு ஒப்புதல், தன் நாக்கில் தானே குத்திக்கொண்ட முள். இறுதியில் வரும் ‘மருந்தைத் தவறாமல் சாப்பிடு’ கடலையின் இடத்தில் நிற்கிறது. எழுதியவள் கோதனை நினைத்துக்கொண்டு எழுதினாள் என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் சித்தியும் நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அன்பைச் சொல்லும் வரிசை அப்படித்தான் பழகியிருக்கும்.

எல்லாப் பழைய சண்டையும் இப்படி எழுதத் தகுந்தது ஆகாது. சில வீடுகளில் அண்ணன் போட்டது சண்டையே அல்ல. தங்கை யாரோடு பேசினாள், எந்த வழியாக வந்தாள் என்று கண்காணித்து அடித்தவன், பண்டிகை நாளில் ‘நாம் எவ்வளவு சண்டை போட்டோம்’ என்று எழுதினால், அது நடந்ததை மறைக்கிறது. அவளும் அதே தொனியில் பதில் எழுத நேர்ந்தால் இன்னும் கொடுமை. படிக்கும்போது இதைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது. உண்மையில் சரிக்குச் சரியாக நடந்த சண்டையை நினைவுகூரும் செய்தியில் இருவரும் தோற்ற கதைகள் வரும். ஒரு தடவை அவள் தப்பித்தாள், ஒரு தடவை அவன். அடி மாறி மாறி விழும். தீர்ப்பு சொல்ல மூன்றாம் ஆள் ஒருவர் இருப்பார், பாட்டியோ அப்பாவோ. பொருளின் பெயர் இருக்கும்: பாலேடு, நோட்டு, சைக்கிள். ஒரே ஆள் எப்போதும் அழுது, ஒரே ஆள் எப்போதும் நியாயம் சொல்லி, எதற்காக என்பது மட்டும் விடுபட்டிருந்தால் அந்தக் கதையை நம்ப வேண்டாம். பண்டிகைக்கு முந்தின நாள் கைக்குக் கை மாறி வரும் ஆயத்த வாசகங்களும் இதே சோதனையில் விழுந்துவிடும். அவற்றில் ‘நாம் சண்டை போட்டாலும்’ என்று வரும். எதற்காகப் போட்டோம் என்பது வரவே வராது.

வாய்க்கால் வரியை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் மதிப்பு புரியும். அவள் விழுந்தாள், அவன் சைக்கிளைக் கழுவி வைத்தான், யாரிடமும் சொல்லவில்லை. காலையில் முறைக்காக அடித்துக்கொண்டவர்கள், மாலையில் பெரியவர்களுக்கு எதிராக ஒரே கட்சி. இந்தக் கட்சி மாறுதல் சரிக்குச் சரியானவர்களுக்குள்தான் நடக்கும்.

இனி மரம். கொல்லைப்புறக் கொய்யா இப்போது யாருடையது? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை மகனுக்கே விட்டுவைத்தது. சில மாநிலங்கள் தாமே திருத்தின. தமிழ்நாடு 1989இல், அதுவரை மணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையை வழங்கியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் தீர்த்தது. அந்த ஆண்டு ராக்கி கட்டி எட்டு நாள் ஆகியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, உத்தரப் பிரதேசத்தின் வேளாண் நிலத்துக்கு மாநிலத்தின் நிலச் சட்டமே நெடுங்காலம் வாரிசு வரிசையைத் தீர்மானித்து வந்தது. அந்த வரிசையில் மணமான மகள் மகனுக்கு வெகு பின்னால் வைக்கப்பட்டிருந்தாள். வீட்டு மனைக்கு ஒரு விதி, அதையொட்டிய வயலுக்கு வேறு விதி.

சட்டம் இடம் கொடுத்த இடத்திலும் பெண்கள் கேட்பதில்லை. ஏன் என்பதைப் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1994இல் வெளியான தம் பெரிய நூலில் ஆராய்ந்திருக்கிறார். பிறந்த வீட்டின் கதவு திறந்திருக்க வேண்டும், கணவன் வீட்டில் ஏதாவது ஆனால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு அவள் கொடுக்கும் விலை அவளுடைய பங்கு. கேட்டவள் பேராசைக்காரி, விட்டுக்கொடுத்தவள் நல்ல சகோதரி. ராஜஸ்தானில் இந்த விட்டுக்கொடுத்தலுக்கு ‘ஹக் தியாக்’ என்று பெயரே உண்டு, பத்திரமும் உண்டு. 2021இல் கோட்டா மாவட்டத்தில் வட்ட அளவிலான வருவாய் அதிகாரி ஒருவர், ரக்ஷா பந்தனையொட்டிச் சகோதரிகள் தங்கள் பங்கை மனமுவந்து சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று ஊக்குவித்துச் செய்திக்குறிப்பு வெளியிட்டார். கண்டனம் எழுந்தது. விளக்கம் கேட்டு அவருக்கு மேலதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பினார்கள். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீடுகளில் குரல் எழுப்பாமல் நடப்பதை அரசு முத்திரையோடு சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நிலத்திலிருந்துதான் அந்தச் செய்தி எழுதப்படுகிறது. நிலத்தில் பங்கு கேட்க முடியாதவள், சைக்கிள் முறையில் தனக்குக் குறைந்த நேரத்தைக் கேட்கிறாள். மனைப் பட்டாவைப் பற்றிப் பேச முடியாதவள், அந்த மனையில் நிற்கும் மரத்தை விசாரிக்கிறாள். இது கணக்குப் போட்டுச் செய்யும் தந்திரம் என்று நான் சொன்னால் அவளுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். அவள் பாசத்தோடுதான் எழுதுகிறாள், ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆனால் பாசத்துக்கும் ஒரு நினைவுக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் சில வரவுகள் இன்னும் வந்து சேரவில்லை. அண்ணன் ‘ஹா ஹா’ என்று ஒரு வரியும், பணமும், புடவை எடுக்கத் தெரியவில்லை என்ற சாக்கும் அனுப்பி முடித்துக்கொள்ளும்போது அவளுக்கு ஏமாற்றமாக இருப்பது அதனால்தான். கேட்டது பரிசு அல்ல. உன் முறை நீளமாக இருந்தது என்றால், ஆமாம் என்றோ இல்லை என்றோ அவன் வாதாட வேண்டும். வாதாடினால்தான் அவர்கள் இன்னும் அந்தக் கொல்லைப்புறத்தில் இருக்கிறார்கள் என்று பொருள்.

தமிழிலும் இந்தியிலும் இப்படிப்பட்ட செய்திகளை யாரும் முறையாகச் சேகரித்து வைத்ததை நான் பார்க்கவில்லை. பழைய கடிதங்கள் பெட்டிகளில் மக்குகின்றன, கைப்பேசிச் செய்திகள் கருவி மாறும்போது போய்விடுகின்றன. சேகரிக்க யாராவது முன்வந்தால், குறிப்பாக ஒரு வகை வீடுகளைத் தேடச் சொல்வேன்: தங்கை தன் பங்கைக் கேட்டு வாங்கி, அதன் பிறகும் ராக்கி தவறாமல் போய்க்கொண்டிருக்கும் வீடுகள். பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிற அந்த வீட்டிலிருந்து சைக்கிள் முறையைப் பற்றி அவள் என்ன எழுதுகிறாள், அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதைப் படிக்க எனக்கு மிகுந்த ஆவல்.